27 நாளாக வராத ரீஃபண்ட்: குறைதீர் அலுவலருக்கு நான் எழுதிய மின்னஞ்சல்

கவிதா, திருச்சி

மார்ச் 3, 2025 அன்று ஒரு ஆன்லைன் கடையில் 4,299 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கினேன். பெரிய ஜாரின் அடியில் கசிவு. மார்ச் 11 அன்று திருப்பி எடுத்துப் போனார்கள். 14ஆம் தேதி ஆப்பில் பச்சை டிக் போட்டு ‘ரீஃபண்ட் முடிந்தது’ என்று வந்துவிட்டது. பணம் மட்டும் வரவே இல்லை. சாட்டில் ஐந்து முறை கேட்டேன், ஐந்து முறையும் ‘3 முதல் 5 வேலை நாள்’ என்றார்கள். மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு 4,299 சின்னத் தொகை இல்லை.

ஏப்ரல் 10 அன்று, ஆப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த குறைதீர் அலுவலரின் முகவரிக்கு எழுதினேன். அதில் வரும் ஆர்.ஆர்.என்., யுடிஆர் இரண்டும் ஒரு பணப் பரிமாற்றத்தைத் தேடிப் பார்க்க உதவும் அடையாள எண்கள். ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்:

> பொருள்: ஆர்டர் …4471, ரூ. 4,299 ரீஃபண்ட் வரவில்லை
>
> ஆர்டர் மார்ச் 3, யுபிஐ மூலம் பணம் செலுத்தினேன். பொருளைத் திரும்ப எடுத்தது மார்ச் 11. ரீஃபண்ட் முடிந்ததாக உங்கள் ஆப் காட்டியது மார்ச் 14. இன்று வரை என் கணக்கில் வரவில்லை. மார்ச் 14 முதல் இன்று வரையான வங்கிக் கணக்கு விவரம், ஆப்பின் படம், சாட் பதிவுகள் இணைப்பில்.
>
> ரீஃபண்ட் அனுப்பியிருந்தால் அதன் ஆர்.ஆர்.என். எண்ணையும், எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்பதையும் தெரிவியுங்கள். போய்ச் சேரவில்லை என்றால் கீழே உள்ள கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்பி, யுடிஆர் எண் தாருங்கள்.

மறுநாளே புகார் எண் வந்தது. 16ஆம் தேதி விளக்கமும் வந்தது. நான் பணம் கட்டிய பழைய சம்பளக் கணக்கை மார்ச் 10 அன்று மூடியிருந்தேன். யுபிஐ ஐடி அதேதானே, புதுக் கணக்குக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ரீஃபண்ட் பழைய கணக்குக்கே போய், மூடியிருந்ததால் அவர்களிடமே திரும்பிவிட்டது. ஆப்பில் டிக் மட்டும் அப்படியே நின்றிருக்கிறது. ஏப்ரல் 21 அன்று பணம் வந்தது.

ஆனந்த்

அக்கா, ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் நஷ்ட ஈடு கேட்டிருக்கலாமே? ரிசர்வ் வங்கி விதி இருக்கு. 27 நாளைக்கு 2,700 வந்திருக்கும்.

முருகேசன்

தம்பி, நீங்கள் சொல்வது 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. பணம் கழிந்தும் எதிர்ப்பக்கம் போய்ச் சேராமல் தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு அது. கவிதா கட்டிய பணம் கடைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியது கடையின் பொறுப்பு. அந்த 100 ரூபாயை மின்னஞ்சலில் கேட்டால், விதி பொருந்தாது என்று ஒரு வரியில் பதில் சொல்லி அசல் கேள்வியைத் தாண்டிவிடுவார்கள்.

இங்கே பிடிக்க வேண்டியது 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கவிதா செய்ததில் எனக்குப் பிடித்தது ஆர்.ஆர்.என். கேட்டதுதான். ‘பணம் எப்போது வரும்’ என்று கேட்டால் சாட்டில் இருப்பவர் நாள் கணக்குச் சொல்வார். எண்ணைக் கேட்டால் யாராவது பணம் போன தடத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். திரும்பி வந்தது அங்கேதான் தெரியும்.

நூர்ஜஹான்

எனக்குச் சேலை மாறி வந்தது. திருப்பிக் கொடுத்து மூன்று வாரம். நான் டெலிவரியில் ரொக்கமாகக் கொடுத்தேன். எனக்கும் அந்த எண் இருக்குமா?

முருகேசன்

ரொக்கத்துக்குத் திரும்பிப் போக ஒரு கணக்கு கிடையாது, நீங்கள் கொடுத்த கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். முதலில் ஆப்பின் வாலட்டில் விழுந்திருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் யுடிஆர் எண் கேளுங்கள். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

ஆனந்த்

சரி அண்ணே. ஆனா அந்த ஒரு மாதத்தை எதிலிருந்து எண்ணுவது? முதல் சாட்டிலிருந்தா, அலுவலருக்கு எழுதிய நாளிலிருந்தா?

முருகேசன்

புகார் கிடைத்த நாளிலிருந்து என்று விதி சொல்கிறது. சாட்டில் சொன்னதே புகார்தான் என்பது என் வாதம். கடைக்காரர்கள் மின்னஞ்சல் தேதியைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் நான் நாலைந்து நாளிலேயே மின்னஞ்சலும் அனுப்பிவிடுவேன். மாதம் தாண்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் இல்லை.

நூர்ஜஹான்

வாலட்டில் 850 இருக்கிறது. சேலை 1,150. மீதி 300 என்ன ஆனது என்று தெரியவில்லை. தேதிகளை வரிசையாக எழுதி இன்று இரவே அனுப்பிவிடுகிறேன்.