அலமாரி போட்டோவை வைத்துப் புத்தகப் பட்டியல் போடுவது: பாதி முதுகுகள் தெரியவில்லை, என்ன செய்யலாம்?

மேலவீட்டுப் பேரன்:
ஊரில் தாத்தாவின் புத்தக அலமாரியை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். முதலில் பட்டியல் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நான் பெங்களூரில் இருக்கிறேன். மாமா 5 தட்டுகளையும் தட்டுக்கு ஒரு போட்டோ வீதம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை வைத்து எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நேராக நிற்பவை பரவாயில்லை. சாய்ந்து கிடப்பவை, பிளாஸ்டிக் அட்டை பளபளப்பதால் எழுத்து மறைந்தவை, தங்க எழுத்து மங்கிப்போன சிவப்பு ரெக்சின் பைண்டிங், இவற்றில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. 3ஆம் தட்டின் படத்தையும் அதற்கு நான் போட்ட பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

கோவை செல்வி:
இதற்கா இவ்வளவு கவலை? போனில் கூகுள் லென்ஸைத் திறந்து ஒவ்வொரு முதுகின் மேலும் காட்டுங்கள், இரண்டு எழுத்து தெரிந்தாலே போதும், அட்டைப்படத்தோடு புத்தகத்தையே கொண்டுவந்துவிடும். என் வீட்டில் 60 புத்தகத்தை ஒரு மதியத்தில் முடித்தேன்.

பழைய பைண்டர்:
லென்ஸ் கொண்டுவருவது இன்று கடையில் விற்கும் பதிப்பு, அம்மா. தாத்தா வைத்திருப்பது அதுவாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? தலைப்பு கண்டுபிடிக்க உதவும், அதுவரை சரி.

தம்பி, உங்கள் 3ஆம் தட்டுப் பட்டியலைப் பார்த்தேன். ‘பொன்னியின் செல்வன் 1-5’ என்று 5 வரி போட்டிருக்கிறீர்கள். படத்தில் எண்ணினால் 4 முதுகுதான் இருக்கிறது. அதில் 1, 2, 5 என்ற எண்கள் தெரிகின்றன. நான்காவதின் எண் மேல் யாரோ சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். மொத்தம் 5 பாகம் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் கண் தானாக நிரப்பிக்கொண்டது. பதிப்பகத்தின் பெயரும் எழுதியிருக்கிறீர்கள், அது படத்தில் எங்கே தெரிகிறது? கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆன பிறகு அதைப் போடாத பதிப்பகம் குறைவு.

தலைப்பைப் படிப்பதற்கு முன்னால் எண்ணுங்கள். மேல் விளிம்பில் எண்ணக்கூடாது, சாய்ந்த புத்தகம் பக்கத்தில் நிற்பதை மறைத்துவிடும். பலகையில் கால் ஊன்றும் இடத்தில், அடி விளிம்பில் எண்ணுங்கள். எனக்கு 3ஆம் தட்டில் 41 வந்தது, மேலே படுக்க வைத்திருக்கும் 3 தனி. உங்கள் பட்டியலில் 43 வரி. 44 வரி இருக்க வேண்டும், படிக்க முடியாததற்கும் ஒரு வரி உண்டு. இல்லாத பாகத்தைச் சேர்த்தும் உங்களுக்கு ஒன்று குறைகிறது என்றால், குறைந்தது 2 புத்தகத்தை விட்டிருக்கிறீர்கள்.

மேலவீட்டுப் பேரன்:
ஐயோ, ஆமாம் சார். அந்த 5 வரியை யோசிக்காமலே இழுத்துவிட்டிருக்கிறேன். விடுபட்டதில் ஒன்று கிடைத்தது. இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் முதுகில் எழுத்தே இல்லாமல் ஒரு மெல்லிய நூல், நிழல் என்று நினைத்திருந்தேன்.

தெற்குத்தெரு:
எங்கள் வீட்டிலும் இதே பாடுதான், ராமபாணப் பூச்சி முழுக்கத் தின்றுவிட்டது. வேப்பிலை வைத்தோம், கேட்கவில்லை. நூலகத்துக்குக் கொடுக்கும் முன் வெயிலில் போடுங்கள்.

பழைய பைண்டர்:
வெயிலில் போடாதீர்கள், பழைய தாள் மொறுமொறுவென்று ஆகிவிடும். அதை வேறு இழையில் பேசலாம்.

பிக்சல் பாண்டி:
போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இணைத்த படத்தின் அகலம் 1600 பிக்சல். தட்டு 3 அடி, அதாவது சுமார் 90 செ.மீ. என்றால் ஒரு செ.மீ.க்கு 18 பிக்சல்கூட வராது. முதுகில் அரை செ.மீ. உயர எழுத்துக்கு 9 பிக்சல். நம் எழுத்தில் புள்ளி ஒரு பிக்சலில் அடங்கிவிடும், அது போனால் ‘க்’கும் ‘க’வும் ஒன்று. ‘ா’வும் ‘ர’வும்கூட ஒன்றுபோலவே தெரியும். இல்லாத பிக்சலைப் பெரிதாக்கி வரவைக்க முடியாது. மாமாவின் போனில் வாட்ஸ்அப் சுருக்காத அசல் இன்னும் இருக்கும், அதை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அசல் வந்ததும் அந்தச் சிவப்பு ரெக்சினைப் பச்சைச் சேனலில் மட்டும், அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தில் பச்சையை மட்டும் பிரித்துப் பாருங்கள். தங்க எழுத்து என்பது படத்தில் மஞ்சள், அதில் சிவப்பும் பச்சையும் உண்டு. ரெக்சினில் சிவப்பு மட்டும்தான். ஆகவே பச்சையில் பார்த்தால் துணி கறுத்து எழுத்து வெளுத்து நிற்கும். சிவப்புச் சேனலில் பார்த்தால் இரண்டும் வெளிறி, இருப்பதும் காணாமல் போகும். படத்தை வெட்டித் திருப்ப இமேஜ்மேஜிக்கும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்க டெசராக்ட்டும் கணினியில் இருந்தால்:

```
magick t3.jpg -crop 180x1400+960+220 +repage -rotate -90 -channel G -separate +channel -resize 300% t3_11.png
tesseract t3_11.png stdout -l tam+eng --psm 7
```

வெட்டும் எண்களை உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து மேலிருந்து கீழே ஓடினால் -90, கீழிருந்து மேலே ஏறினால் 90. ஒரே தட்டில் இரண்டும் கலந்திருக்கும், நம் பதிப்பகங்களுக்குள் அதில் ஒற்றுமை கிடையாது. சாய்ந்த புத்தகத்துக்கு -90க்குப் பதில் -78, -102 என்று முயன்று பாருங்கள். டெசராக்ட் தருவதை அப்படியே நம்ப வேண்டாம். நான் முதலில் கண்ணால் படித்துவிட்டுத்தான் அதை ஓட்டுவேன், இல்லையென்றால் அது சொன்னதுதான் எனக்கும் தெரியும்.

மேலவீட்டுப் பேரன்:
அசல் வந்தது, 4000 பிக்சல். 11ஆவது ரெக்சினில் நேற்றுவரை ‘ருத்துவ’ மட்டும்தான் தெரிந்தது. பச்சையில் ‘சித்த மருத்துவ’ வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு தங்கமே உதிர்ந்திருக்கிறது. கடைசிச் சொல் சாரமா, திரட்டா, தெரியவில்லை. பளபளக்கும் 6 முதுகுகளில் மாற்றமே இல்லை.

பழைய பைண்டர்:
அப்படியே எழுதுங்கள்: ‘சித்த மருத்துவ…’, சிவப்பு ரெக்சின், தட்டு 3, இடமிருந்து 11. கண்ணில் பட்டதற்கு ஒரு கட்டம், உங்கள் ஊகத்துக்குத் தனிக் கட்டம். ஊகத்தை முதல் கட்டத்தில் கலந்துவிட்டால் ஒரு மாதம் கழித்து எது படித்தது, எது நினைத்தது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது.

பளபளப்பில் வெள்ளையாக வெடித்த இடத்தில் எந்தச் சேனலிலும் எதுவும் இருக்காது. அதை மறுபடி எடுக்கத்தான் வேண்டும். பிளாஷை அணைத்துவிட்டு, பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில், ஒன்றரை அடி ஒன்றரை அடியாக, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் 2 புத்தகம் வருகிற மாதிரி. இன்னொன்று, பலகை எவ்வளவு ஆழம் என்று மாமாவை அளக்கச் சொல்லுங்கள். டெம்மி அளவுப் புத்தகம் 14 செ.மீ. அகலம். பலகை 30 செ.மீ. என்றால் பின்னால் இன்னொரு வரிசைக்கே இடம் இருக்கிறது.

கோவை செல்வி:
என் வீட்டு அலமாரி ஒற்றை வரிசை, எல்லாம் புதிய புத்தகம். அதனால்தான் சுலபமாக முடிந்ததோ என்னவோ.

மேலவீட்டுப் பேரன்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பலகை 32 செ.மீ. 2ஆம், 3ஆம் தட்டில் பின்வரிசை இருக்கிறது, மாமாவுக்கே தெரியாது. சீட்டு ஒட்டிய பாகத்தை வெளியே எடுத்துப் பார்த்தார், அது 3ம் இல்லை 4ம் இல்லை, இரண்டாம் பாகத்தின் இன்னொரு பிரதி, வேறு பதிப்பகம். 3 பின்வரிசையில் கிடைத்தது. 4 எங்குமே இல்லை. முதுகில் எழுத்து இல்லாத 17 நூல்களை எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினார், அதில் 2க்குத் தலைப்புப் பக்கமே கிழிந்திருக்கிறது. உள்ளே ஓடும் பக்கத் தலைப்பைத் தலைப்பாக எழுதலாமா? ஒன்றில் இடப்பக்கம் ஒரு பெயரும் வலப்பக்கம் வேறு பெயரும் இருக்கிறது.

பழைய பைண்டர்:
இடப்பக்கம் நூல் பெயரும் வலப்பக்கம் அத்தியாயப் பெயருமாக இருப்பதே அதிகம். பத்துப் பக்கம் தள்ளிப் பாருங்கள், மாறாமல் நிற்பது நூல் பெயர். அதையும் ஊகக் கட்டத்திலேயே போடுங்கள்.

மேலவீட்டுப் பேரன்:
மாறாமல் நிற்பது ‘இரண்டாம் பகுதி’ சார்.