கீரையில் மண்ணும் கசப்பும்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேலையூர் செல்வி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் தெருவுக்கு வரும் கீரை எல்லாமே மண்ணோடுதான் வருகிறது. போன வாரம் பாலக் கடைந்து வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் மாமனார் “பல்லுல நறநறங்குதும்மா” என்று தட்டை ஒதுக்கிவிட்டார். சிறுகீரையிலும் அதே கதை. நான் கீரையை நறுக்கி, ஓட்டைக் கூடையில் போட்டு, குழாயைத் திறந்து நன்றாக அலசித்தான் எடுக்கிறேன். சில நாள் லேசாகக் கசக்கவும் செய்கிறது. உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

கார்த்தி

அக்கா, கல்லுப்பும் மஞ்சள் தூளும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உப்பு மண்ணை அப்படியே கீழே இழுத்துவிடும். நான் தங்கியிருந்த அறையில் எப்போதும் இப்படித்தான் செய்வோம், மண் பிரச்சினையே வந்ததில்லை.

மெஸ் மீனாட்சி

திருச்சியில் பல வருடம் மெஸ் நடத்தியவள் நான். தினமும் கூடை கூடையாகக் கீரை அலசியிருக்கிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கார்த்தி தம்பி, மண் இறங்கியது உப்பால் இல்லை, ஊறவிட்டதால். உப்புத் தண்ணீரில் இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சின்னப் பூச்சி, புழு விட்டு வரும், அதற்கு அது நல்லதுதான். மண்ணுக்கு வெறும் தண்ணீரே போதும்.

செல்வி, முதலில் அந்த ஓட்டைக் கூடையை எடுத்து வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் மேல் இலையில் இருக்கும் மண்ணை அடி இலைக்குத்தான் அனுப்பும். நறுக்கிய பிறகு அலசுவதும் வேண்டாம். வெட்டிய இடத்தில் சாறு கசிந்து மண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், கீரையின் சத்தும் தண்ணீரோடு போகும்.

ஒரு கட்டு பாலக்குக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். காம்புகள் ஒன்றுசேரும் அடிப்பகுதியில்தான் மண் அடைந்து கிடக்கும். அதை இரண்டு விரல் அளவு வெட்டி எறிந்துவிட்டு இலைகளைத் தனித்தனியாகப் பிரிப்பேன். ஆழமான எவர்சில்வர் குண்டானில் முக்கால் பாகம் தண்ணீர் பிடித்து, பாதிக் கட்டை மட்டும் போடுவேன். திணித்துப் போட்டால் மண் இறங்க வழியே இருக்காது. மழைக்காலச் சேறு காய்ந்து இலையின் அடியில் பிடித்திருக்கும், அதனால் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். பிறகு கையை விட்டு நான்கு சுற்றுச் சுற்றி, தண்ணீர் அடங்கும்வரை கொஞ்சம் சும்மா விட வேண்டும்.

இதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. குண்டானைச் சாய்த்து வடிக்கவே கூடாது. சாய்த்தால் அடியில் இறங்கிய மண் மறுபடியும் கீரை மேலேயே வந்து விழும். இரண்டு கையையும் விரித்து, கீரையை மேலாக அள்ளி வேறு பாத்திரத்தில் போடுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குண்டானின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நெருநெரு என்று இருந்தால் இன்னொரு தண்ணீர். எத்தனை முறை என்று கணக்குக் கிடையாது, விரலில் எதுவும் தட்டுப்படாமல் போகும்வரை அலச வேண்டும்.

பெரியகுளம் ராஜன்

கசப்புக்கு நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் துவாதசிக்கு அகத்திக்கீரை கட்டாயம் உண்டு. அம்மா அதைப் பொடியாக நறுக்கி, அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்து, பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் தாராளமாகப் போட்டு, கடைசியில் துளி வெல்லம் சேர்ப்பார். குழந்தைகள்கூடச் சாப்பிடுவோம். பாலக்குக்கும் இப்படியே செய்து பாருங்கள்.

மெஸ் மீனாட்சி

ராஜன் சார், அகத்திக்குக் கசப்பு பிறவிக் குணம். அதற்கு உங்கள் அம்மா செய்தது அருமையான பக்குவம். பாலக்கும் சிறுகீரையும் அப்படிக் கசக்கிற கீரைகள் இல்லை. அவை கசந்தால் கீரை முற்றியிருக்க வேண்டும், இல்லை தாளிப்பில் ஏதாவது கருகியிருக்க வேண்டும். பூண்டு செந்நிறம் தாண்டினாலே சட்டி முழுக்கக் கசப்பு ஏறிவிடும், ஆனால் பழி கீரை மேல் போகும். வெந்தயம் தாளித்தாலும் இதே கதைதான்.

கீரைத்தோட்டம் முருகேசன்

செங்கல்பட்டுப் பக்கம் கீரை போடுகிறேன். சிறுகீரை, முளைக்கீரை இரண்டையும் வேரோடு பிடுங்கிக் கட்டுவோம், அதனால் மண்ணும் சேர்ந்து வரும். கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வேர்ப்பக்கத்தை ஒரே வெட்டாக வெட்டிவிடுங்கள். பிரித்துவிட்டு வெட்டினால் வேர் மண் இலைகளில் உதிரும். அரைக்கீரையைத் தரைக்கு மேலே அறுத்து எடுப்போம், மறுபடி துளிர்க்கும், அதனால் அதில் வேர் மண் இருக்காது. மழைநாளில் தெறிக்கிற சேறு மட்டும்தான். மழைக்காலத்தில் எதை வாங்குவது என்று கேட்டால் அரைக்கீரை என்றுதான் சொல்வேன்.

முற்றலைக் கண்டுபிடிக்க, தண்டை நகத்தால் ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்தால் முற்றல். நுனியில் பூ தலைகாட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

மலர், கோவை

செல்வி, உங்கள் மாமனாருக்குச் சிறுகீரையில் நறநறத்தது மண்ணாக இருக்கலாம். பாலக்கில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பாலக் சாப்பிட்டால் எனக்கும் பல் மேல் சுண்ணாம்பு பூசியது போல ஒரு சொரசொரப்பு வரும், எத்தனை முறை அலசினாலும் போகாது. எனக்குச் சிறுநீரகக் கல் வந்தபோதுதான், பாலக்கில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அந்தச் சொரசொரப்பும் அதனால்தான் என்று தெரிந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் எனக்குப் பல் கூசுவதே இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். மண் என்றால் மெல்லும்போது எங்கேயோ ஒரு துகள் மட்டும் கடிபடும். மற்றது சாப்பிட்டு முடித்த பிறகும் பல் முழுக்க, நாக்கால் தடவினால் தெரியும்.

சேலையூர் செல்வி

எல்லோருக்கும் நன்றி. மீனாட்சி அக்கா சொன்னபடி சிறுகீரையை வேர் வெட்டி, முழுசாக அள்ளி அள்ளி அலசினேன். முதல் தண்ணீரில் குண்டானின் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்திருந்தது! அதைப் பார்த்ததும் இவ்வளவு நாள் இது எங்கே போயிற்று என்று மனசு கஷ்டமாகிவிட்டது. கடைசல் பஞ்சு மாதிரி இருந்தது, மாமனார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

பாலக்கை மலர் சொன்னபடி கொதிநீரில் போட்டு எடுத்தேன். சொரசொரப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் கீரை வெந்த தண்ணீரைக் கொட்டியதை மாமியார் ஏற்றுக்கொள்ளவில்லை, “சத்தையெல்லாம் சாக்கடையில ஊத்துறியே” என்கிறார். இதற்கு என்ன செய்வது?

மலர், கோவை

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் சத்து போகத்தான் செய்யும். எனக்குக் கல் வந்த உடம்பு, அதனால் கொட்டுகிறேன். என் வீட்டுக்காரருக்கு அரைக்கீரை சமைத்தால் தண்ணீரைக் கொட்டுவதில்லை, கால் டம்ளர் தண்ணீரிலேயே வேகவைத்துக் கடைந்துவிடுவேன்.

பெரியகுளம் ராஜன்

மூடி போடாமல் வேகவைத்தீர்களா? முருங்கைக்கீரையை மூடினால் கசக்கும் என்று எங்கள் அம்மா அடித்துச் சொல்வார்.

மெஸ் மீனாட்சி

திறந்து வைத்தால் பச்சை நிறம் நிற்கும், அது என் கண்ணால் பார்த்தது. கசப்புக்கும் மூடிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், மெஸ்ஸில் அவசரத்துக்கு மூடியும் வேகவைத்திருக்கிறோம், யாரும் கசப்பதாகச் சொன்னதில்லை. நிறம் மட்டும் மங்கியிருந்தது.

செல்வி, இன்னொன்று. உப்பைக் கீரை சுருங்கிய பிறகுதான் போட வேண்டும். சட்டி நிறைய இருக்கும்போது கண்ணளவில் போட்டால், அது ஒரு கைப்பிடியாகச் சுருங்கியதும் உப்புக் கரிக்கும்.

கார்த்தி

அக்கா, வேரோடு சின்னச் சின்னக் கட்டாக விற்கிற வெந்தயக்கீரைக்கும் இதே முறைதானா? அதில் மணல் மணலாகவே வருகிறது.

மெஸ் மீனாட்சி

அதேதான் தம்பி. கட்டு பிரிக்காமல் வேரை வெட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டாகத் தண்ணீரில் உதறு. வெந்தயக்கீரை லேசாக இருப்பதால் மேலே மிதக்கும், கையால் நாலைந்து முறை முக்கி முக்கி எடுத்தால்தான் இடுக்கில் இருக்கிற மணல் விடும்.