புதுப்பிப்பு: இருட்டு வீட்டில் போனில் எடுத்த பேட்டி

என் கேள்வி: "காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் பாட்டியைப் பேட்டி எடுக்க வேண்டும். கையில் போன் மட்டும்தான். டியூப்லைட்டில் முகம் புள்ளிபுள்ளியாக வருகிறது, படத்தில் கோடுகள் ஓடுகின்றன, குரலும் எதிரொலிக்கிறது. என்ன செய்யலாம்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பேட்டி முடிந்தது.

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் சொன்னதுதான் பலித்தது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, பாட்டியை வாசல் கதவுக்கு ஒரு கை தூரத்தில், வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி உட்காரவைத்தேன். கோடுகள் போயின. போன் திரையில் பாட்டியின் முகம் தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டியதும், பின்னால் தறி இருண்டு முகம் தெளிந்தது. நைட் மோடு போடச் சொன்னவருக்கு: என் போனில் அது புகைப்படத்துக்கு மட்டும்தான். ரிங் லைட் யோசனையை விட்டுவிட்டேன். பாட்டி கண்ணாடி போட்டிருக்கிறார், வளையம் அதில் தெரியும்.

கேள்விகளைத் தடித்த எழுத்தில் எழுதி லென்ஸுக்குக் கீழே ஒட்டினேன். பாட்டி அதைப் படிக்கத் தொடங்கியதும் பேச்சு வறண்டது. அப்புறம் தாளை எடுத்துவிட்டு, லென்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

ஒலிக்கு, பேத்தியின் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பாட்டியின் மடியில் வைத்தோம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, எடிட்டில் அந்தச் சத்தத்தை வைத்துப் பொருத்தினேன். எதிரொலி வெகுவாகக் குறைந்தது. ஆனால் இருபதாவது நிமிடத்தில் உதடும் குரலும் விலகின. இப்போதைக்குத் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்துகிறேன். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.