நூலக நிதிக் கணக்கு: ஷீட்டில் ரேட் எப்படி வேலை செய்கிறது

அனைவருக்கும் வணக்கம்,

போன வாரம் ஷீட்டைத் திறந்தவர்களுக்கு அவரவர் பாக்கி வேறு வேறாகத் தெரிந்ததற்குக் காரணம், யாரோ திர்ஹாம்-ரூபாய் ரேட் கட்டத்தில் இதைப் போட்டிருந்ததுதான்:

```
=GOOGLEFINANCE("CURRENCY:AEDINR")
```

இது இன்றைய ரேட்டை மட்டுமே தரும். எனவே மார்ச்சில் எழுதிய வரியும் தினம் தினம் மாறிக்கொண்டே இருந்தது. இப்போது அதை எடுத்துவிட்டேன். Rate என்ற தனித் தாளில் தேதியும் அன்றைய ரேட்டும் எண்களாகவே இருக்கின்றன. A-யில் தேதி, C-யில் வாக்குத் தந்த திர்ஹாம். வாக்குத் தொகையை ரூபாயில் D கட்டமும் வித்தியாசத்தை F கட்டமும் போடுகின்றன:

```
D2: =C2*VLOOKUP(A2, Rate!$A$2:$B, 2, TRUE)
F2: =IF(E2="", "", E2-D2)
```

கடைசியில் TRUE இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு ரேட் இல்லாவிட்டால் அதற்கு முந்தைய தேதியின் ரேட்டை எடுத்துக்கொள்ளும். ஆனால் Rate தாள் தேதி வரிசையில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு வரி இடம் மாறினாலும் பிழை என்று காட்டாது, தப்பான எண்ணைக் கமுக்கமாகத் தந்துவிடும்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். மார்ச் 5 அன்று 500 திர்ஹாம் தருவதாக ஒருவர் சொன்னார், ரேட் 22.60. D-யில் 11,300. ஏப்ரல் 2 அன்று ஊர் வங்கிக் கணக்கில் விழுந்தது 11,225. பாஸ்புக்கில் உள்ள அந்தத் தொகையை அப்படியே E-யில் போடுங்கள், நீங்கள் பெருக்கிப் பார்த்ததை அல்ல. 500-ஆல் வகுத்தால் அவருக்கு உண்மையில் கிடைத்த ரேட் 22.45. F-யில் வரும் 75 ரூபாய் குறைவு அவர் பாக்கி இல்லை. அவர் சொன்ன 500-ஐக் கொடுத்துவிட்டார். அது மாற்று வித்தியாசம். எக்ஸ்சேஞ்சில் தனியாகக் கட்டிய கமிஷனை இதில் சேர்க்க வேண்டாம்.

ஷார்ஜா சித்தப்பா, "திர்ஹாம் டாலரோடு கட்டின காசு, ரேட் ஏன் மாறணும்?" என்று கேட்டிருந்தார். பாதி சரிதான். 1 டாலர் 3.6725 திர்ஹாம் என்பது நிலையானது. ஆனால் டாலருக்கு எதிராக ரூபாய் ஏறி இறங்குகிறதே, அதே அளவுக்குத் திர்ஹாம் ரேட்டும் ஆடும். சிங்கப்பூர் அண்ணன் எந்த எக்ஸ்சேஞ்சில் ரேட் நல்லது என்று கேட்டது வேறு கேள்வி, இந்த ஷீட்டில் அதற்குப் பதில் கிடையாது. அவருடைய சிங்கப்பூர் டாலருக்கு Rate தாளில் C பத்தியைச் சேர்த்திருக்கிறேன், அவர் வரிகளில் மட்டும் D சூத்திரத்தில் $B-க்குப் பதில் $C, TRUE-க்கு முன்னால் உள்ள 2-க்குப் பதில் 3.

தேதி அடிக்கும்போது கவனம். File, Settings-இல் Locale அமெரிக்காவாக இருந்தால் 05/03 மே 3 ஆகிவிடும். 25/03 வெறும் எழுத்தாக நின்றுவிடும். 12-க்கு மேற்பட்ட நாள்கள் மட்டும் கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் இதுதான் கோளாறு. India என்று மாற்றிவிட்டு அந்தத் தேதிகளைத் திரும்ப அடியுங்கள். மே 3 ஆனவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

75 ரூபாய் போன்ற வித்தியாசங்களைச் சங்கம் ஏற்பதா, கொடுத்தவரே ஈடுகட்டுவதா என்று பொருளாளர் மாமா இன்னும் சொல்லவில்லை. அதுவரை F பத்தியை யாரும் அழிக்க வேண்டாம்.