போலாரிமீட்டரில் குளுக்கோஸ் வாசிப்பு நிலைக்காமல் இறங்கிக்கொண்டே போகிறது

இளநிலை மாணவி:
பத்து கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, 100 மி.லி. அளவுக்குடுவையில் குறிவரை நிரப்பி, 20 செ.மீ. குழாயில் சோடியம் விளக்கொளியில் அளந்தேன். வெறும் தண்ணீரின் வாசிப்பை முன்பே கழித்துவிட்டேன். கரைத்துப் பத்து நிமிடங்களில் 16.8° காட்டிய கருவி, அரை மணி நேரத்தில் 12.8°க்கு இறங்கிவிட்டது. நியமச் சுழற்சியை 52.7 எனக் கொண்டு கணக்கிட்டால், முதல் வாசிப்பு ஏறத்தாழ 16 கிராம் என்கிறது. ஆய்வகத்தின் வெப்பநிலை 31°. பிழை எங்கே இருக்கிறது?

கருவி பராமரிப்பவர்:
அட்டவணை மதிப்பு 20°க்கு உரியது; நீங்கள் 31°இல் அளக்கிறீர்கள். வெப்பநிலைதான் காரணம். குழாயை நீர்த்தொட்டியில் இணைத்து 20°இல் நிறுத்துங்கள்.

ஆலை ஆய்வகத்தார்:
கரும்புச் சாறு காத்திருந்தால் எங்களுக்கும் வாசிப்பு இறங்குகிறது. உங்கள் கரைசலிலும் அமிலம் கலந்து, சர்க்கரை உடைந்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
சாற்றில் உடைவது சுக்ரோஸ். +66.5 உடைய அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும்போது, ஃபிரக்டோஸின் இடப்பக்கச் சுழற்சி மிகுந்து, கலவை எதிர்க்குறிக்குப் போகிறது. குளுக்கோஸில் அப்படி உடைவதற்கு எதுவும் இல்லை.

பாட்டிலில் இருக்கும் படிகம் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம். கரைந்தவுடன் அதன் மதிப்பு +112. தண்ணீரில் அதன் ஒரு பகுதி, +18.7 உடைய பீட்டா வடிவமாக மாறி, இரண்டும் சமநிலையை அடையும்போதுதான் 52.7 வருகிறது. ஆகவே சூத்திரத்தில் பிழையில்லை. சமநிலைக்கு உரிய எண்ணைச் சமநிலை அடையாத கரைசலுக்குப் பொருத்தியதுதான் சிக்கல்.

வெப்பநிலை பற்றிச் சொன்னவர் பாதி சரி. ஃபிரக்டோஸாக இருந்தால் 11 பாகை வேறுபாடு நன்றாகவே தெரியும். குளுக்கோஸின் சமநிலை வாசிப்பு அதனால் அதிகம் நகராது. ஆனால் வெப்பம் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். 20°க்குக் குளிர்வித்தால் இறக்கம் இன்னும் நெடுநேரம் நீடிக்கும்.

கரைசலை மூடி இரவு முழுவதும் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். அவசரமென்றால், குறிவரை நிரப்பும் முன் ஒரு துளி நீர்த்த அம்மோனியா சேர்த்தால் விரைவில் நிலைபெறும்.

இளநிலை மாணவி:
நன்றி ஐயா. இன்று காலையில் 9.6°; ஒரு மணி நேரம் கழித்தும் அதே வாசிப்பு. ஆனால் கணக்கு இப்படி வருகிறது:

```
c = 100 × 9.6 / (52.7 × 2) = 9.1
```

பத்து கிராம் எடுத்தும் 9.1 தான் கிடைக்கிறதே?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
பாட்டிலின் பெயர்ச்சீட்டில் மோனோஹைட்ரேட் என்று இருக்கிறதா? அதன் மூலக்கூறு எடை 198. அதில் குளுக்கோஸ் 180. அப்படியானால் நீங்கள் எடுத்த பத்து கிராமில் குளுக்கோஸ் 9.1 கிராம்தான் உண்டு. எண்கள் இவ்வளவு பொருந்துவதால் என் சந்தேகம் அதன் மீதுதான்.

இளநிலை மாணவி:
பெயர்ச்சீட்டு அழிந்துவிட்டது, ஐயா.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
எடைபோட்ட சிறிதளவை அடுப்பில் மெல்லச் சூடேற்றி, எடை மாறாத வரை உலர்த்துங்கள். நூற்றுக்கு 9 பங்கு குறைந்தால் அது மோனோஹைட்ரேட். குறையாவிட்டால், எடைபோட்டதையும் குடுவையின் குறியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆலை ஆய்வகத்தார்:
எங்கள் சாற்றைக் குளிரில் வைத்தும் வாசிப்பு இறங்குகிறதே, அது ஏன்?