தண்டுவட நீரில் சுகர் 76: நார்மலா, குறைவா? நீங்கள் சந்தித்த ரிப்போர்ட்டுகளைச் சொல்லுங்கள்

கேள்வித்தாள்
முதுநிலைத் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் எங்கள் குழுவை ஒரு கேள்வி இரண்டாகப் பிரித்துவிட்டது. 58 வயதுக்காரர், சர்க்கரை நோயாளி. ஒரு நாளாகக் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் வெள்ளணுக்கள் 640, அதில் நியூட்ரோஃபில் 78 சதவீதம். புரோட்டீன் 140, சுகர் 76. இந்த மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியாவா, வைரஸா?

பாதிப் பேர் சுகரைப் பார்த்த கையோடு வைரஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 45 முதல் 80 வரை நார்மல் என்று படித்திருக்கிறோம், 76 அதற்குள்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், சோடியம், கிரியாட்டினின் இவற்றுக்கு நடுவே, ரத்தச் சர்க்கரை 290 என்று இருந்தது. 76-ஐ 290-ஆல் வகுத்தால் 0.26. வழக்கமாகத் தண்டுவட நீரில் சுகர் ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். 0.4-க்குக் கீழே போனாலே பாக்டீரியாவைச் சந்தேகிக்கச் சொல்கிறார்கள். ஆகவே நான் பாக்டீரியா என்றேன்.

வார்டிலோ லேபிலோ இப்படி ஏமாற்றப் பார்த்த ரிப்போர்ட்டுகளை நீங்கள் சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

சூத்திரம்
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். நியூட்ரோஃபில் அதிகம் என்றால் பாக்டீரியா, லிம்ஃபோசைட் அதிகம் என்றால் வைரஸ். சுகரைப் பார்க்காமலே இந்தக் கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. இதை வைத்தே பழைய தேர்வுத்தாள்களில் பெரும்பாலான கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

குழந்தை வார்டு
சூத்திரம், உங்கள் விடை இந்தக் கேள்விக்குச் சரி. ஆனால் அந்த வழியில் போனால் குழந்தைகளிடம் வழுக்கும். என்டரோவைரஸ் மூளைக்காய்ச்சலில் முதல் ஓரிரு நாள் நியூட்ரோஃபில்தான் மேலே நிற்கும், அப்புறம்தான் லிம்ஃபோசைட் முந்தும். காய்ச்சல் தொடங்கிய அன்றே ஊசி போட்டால் அந்த முதல் கட்டம்தான் கண்ணில் படும்.

என்னிடம் வந்த ஒரு 7 வயதுக் குழந்தையைச் சொல்கிறேன். காலையில் காய்ச்சல், மாலையில் வாந்தியும் தலைவலியும், இரவில் எங்களிடம். நீரில் செல்கள் 310, நியூட்ரோஃபில் 70 சதவீதம். பயிற்சி மருத்துவர் உடனே பாக்டீரியா என்று எழுதப் போனார். சதவீதத்தை விட்டுவிட்டு அடுத்த இரண்டு வரியைப் படியுங்கள் என்றேன். புரோட்டீன் 48, நார்மலின் மேல் எல்லையான 45-ஐத் தாண்டியும் தாண்டாமலும். சுகர் 62, அதே நேரத்தில் எடுத்த ரத்தச் சர்க்கரை 98, அதாவது 0.63. கிராம் ஸ்டெயினில் கிருமி இல்லை. குழந்தை எரிச்சலாக இருந்தாலும் தெளிவாகப் பேசியது. இத்தனையும் வைரஸ் பக்கம்தான் காட்டின.

அதற்காக ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வைக்கவில்லை. செஃப்ட்ரியாக்சோன் போட்டுவிட்டு கல்ச்சருக்கும் பி.சி.ஆருக்கும் காத்திருந்தோம். என்டரோவைரஸ் பாசிட்டிவ் வந்தது, 48 மணி நேரத்தில் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை, ஊசியை நிறுத்தினோம். நியூட்ரோஃபில் மட்டும் உயர்ந்து, சுகரும் புரோட்டீனும் அதோடு சேராமல் தனியே நின்றால், காய்ச்சல் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நான் திரும்பக் கேட்பேன்.

ஆய்வக மேசை
நான் லேபில் இருப்பவன். செல் எண்ணிக்கை நீங்கள் நினைக்கும் அளவுக்கு நிலையான எண் இல்லை. சாம்பிள் அறை வெப்பத்தில் சும்மா இருந்தால் நியூட்ரோஃபில்கள் உடையத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மணி நேரத்தில் பாதியும் போய்விடும். லிம்ஃபோசைட் அப்படி எளிதில் போகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்த நேரத்தில் 400 செல், அதில் 300 நியூட்ரோஃபில் என்றால் 75 சதவீதம். இரண்டு மணி நேரம் கழித்து எண்ணினால் 150 நியூட்ரோஃபில், 100 லிம்ஃபோசைட். மொத்தம் 250, சதவீதம் 60. அதாவது பாக்டீரியா ரிப்போர்ட் கொஞ்சம் வைரஸ் பக்கம் நகர்ந்துவிட்டது. இன்னொரு பக்கம், சாம்பிளில் இருக்கும் செல்லும் கிருமியும் சுகரைத் தின்றுகொண்டே இருப்பதால் சுகர் குறைந்துகொண்டு போகும். தாமதமான ஒரே சாம்பிளில் இரண்டு எண்கள் இரண்டு திசையில் பொய் சொல்லும். எங்களிடம் வரும் குழாயில் எடுத்த நேரம் எழுதியிருந்தால் அதை ரிப்போர்ட்டில் போட்டே அனுப்புகிறேன். எழுதாமல் வந்தால் போன் போட்டுக் கேட்கிறேன்.

அப்புறம், ரத்தச் சர்க்கரை சாம்பிள் கூடவே வராமல் இருப்பதுதான் எங்களுக்குத் தினசரித் தலைவலி. நீர் மட்டும் வரும், ரத்தம் மறுநாள் காலைதான் வரும். அந்த இரண்டையும் வகுத்து வரும் விகிதத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை.

கேள்வித்தாள்
ரத்தம் முதலில் எடுக்க வேண்டுமா, நீரா? வரிசையில் என்ன இருக்கிறது?

குழந்தை வார்டு
முதலில் ரத்தம். ஊசி போடும்போது குழந்தை அழுது திமிறினாலே ரத்தச் சர்க்கரை ஏறும். அதைவிட முக்கியம், ரத்தத்தில் மாறும் சுகர் தண்டுவட நீருக்கு உடனே போய்ச் சேராது, சில மணி நேரம் பின்தங்கும். மயங்கி வந்தவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிவிட்டு உடனே ரத்தம் எடுத்தால் ரத்தச் சர்க்கரை மட்டும் உயர்ந்திருக்கும். விகிதம் குறைவாக வந்து, இல்லாத பாக்டீரியாவைக் காட்டும். இன்சுலின் போட்டு ரத்தச் சர்க்கரையை இறக்கிய பிறகு எடுத்தால் இதற்கு நேர்மாறு, இருக்கும் பாக்டீரியா மறைந்துபோகும்.

நடைப்பயிற்சி
எனக்கும் சர்க்கரை இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பின் 240 வரை போகிறது. இதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. முதுகில் ஊசி போட்டு மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமா?

குழந்தை வார்டு
வேண்டாம் ஐயா. காய்ச்சல், கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம் என்று அறிகுறிகள் வந்தவர்களுக்குத்தான் அந்தப் பரிசோதனை. இங்கே ரத்தச் சர்க்கரையைப் பற்றிப் பேசுவது ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் படிப்பதற்காக. 240 பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

மகனின் அம்மா
நான் டாக்டர் இல்லை. என் மகனுக்கு 4 வயதில் இது வந்தது, அந்தப் பேப்பர்களை இன்னும் வைத்திருக்கிறேன். காது வலிக்கு மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்திருந்தோம். அப்புறம் காய்ச்சல் ஏறி, கழுத்தை அசைக்க விடவில்லை. செல்கள் 900, நியூட்ரோஃபில் 55 சதவீதம், புரோட்டீன் 70, சுகர் 52, ரத்தத்தில் 100. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஒரு டாக்டர் வைரஸாக இருக்கலாம் என்றார், இன்னொருவர் அப்படி விட முடியாது என்று 10 நாள் ஊசி போட்டார். கடைசியில் அது எது என்று யாரும் சொல்லவே இல்லை. சிரப் கொடுத்தது தப்பா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

குழந்தை வார்டு
அம்மா, காது வலிக்கு டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்ததில் தப்பு எதுவும் இல்லை. அந்த மருந்து ரிப்போர்ட்டைக் கலைத்திருக்கலாம் என்பது மட்டும் உண்மை. பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் அரை நாளுக்கு மேல் ஆன்டிபயாட்டிக் போய்விட்டால் சுகர் நார்மலை நோக்கி ஏறும், புரோட்டீன் இறங்கும். செல் எண்ணிக்கை பெரிதாக மாறாது. கல்ச்சர் அதற்கு முன்பே கெட்டுவிடும். மெனிஞ்சோகாக்கஸாக இருந்தால் ஊசி போட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நீரில் வளராமல் போகலாம்.

உங்கள் மகனின் விகிதம் 0.52. மருந்தே எடுக்காத குழந்தை என்றால் நான் வைரஸ் பக்கம் சாய்ந்திருப்பேன். மூன்று நாள் சிரப்புக்குப் பிறகு அந்த 0.52-ஐ நம்ப மாட்டேன். பாக்டீரியா பி.சி.ஆர். செய்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும், செத்த கிருமியின் மரபணுவும் அதில் அகப்படும். இப்போது எது என்று பேப்பரை வைத்து என்னால் சொல்ல முடியாது. 10 நாள் ஊசி போட்டவர் செய்ததைத்தான் நானும் செய்திருப்பேன். கேட்கும் திறன் பரிசோதனை செய்தார்களா?

மகனின் அம்மா
செய்தார்கள் டாக்டர், வீட்டுக்கு அனுப்பும் முன்னேயும் அப்புறம் ஒரு முறையும். நன்றாகக் கேட்கிறது.

இரவுப்பணி
பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். முதல் கேள்விக்கே திரும்புகிறேன். விடை பாக்டீரியா என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் 0.26 என்ற எண்ணை மட்டும் காட்டி அதைச் சொல்லாதீர்கள். சுகர் ரத்தத்திலிருந்து தானாகக் கசிந்து நீருக்குள் போவதில்லை, கடத்தி வழியாகப் போகிறது. ஒரு நேரத்தில் அந்தக் கடத்தி கொண்டுபோகும் அளவுக்கு உச்சவரம்பு உண்டு. ரத்தத்தில் 290, 400 என்று போகும்போது தண்டுவட நீர் அதே விகிதத்தில் ஏற முடியாது. தொற்றே இல்லாதவருக்குக்கூட அப்போது விகிதம் மூன்றில் இரண்டு பங்கைவிடக் கீழே வரும். ஆகவே 0.4 என்ற கோடு சர்க்கரை ஏறிய நோயாளியிடம் அவ்வளவு கறாராக நிற்காது.

அந்த 58 வயதுக்காரரை நான் பாக்டீரியா என்று சொல்வதற்கு மற்ற எண்கள்தான் காரணம். புரோட்டீன் 140, நியூட்ரோஃபில் 78 சதவீதம், கூடவே குழப்பம். விகிதம் அவற்றோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

சூத்திரம்
அப்படியென்றால் விகிதத்துக்கு என்ன மதிப்பு? 0.26-ம் நார்மலாக இருக்கலாம் என்கிறீர்களா?

இரவுப்பணி
0.26 எனக்கும் குறைவாகத்தான் படுகிறது. 0.38 வந்திருந்தால் தடுமாறியிருப்பேன். 290-க்கு எந்த எண்ணில் கோடு போடுவது என்று என்னைக் கேட்டால் ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன். இந்த மாதிரி நோயாளிகளில் நான் நீரின் லாக்டேட்டையும் சேர்த்துக் கேட்கிறேன். ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 3.5 மில்லிமோலுக்கு மேல் வந்தால் பாக்டீரியா பக்கம் உறுதியாகச் சாய்வேன்.

ஆய்வக மேசை
லாக்டேட் அனுப்புகிறவர்கள் இரண்டு தகவலைச் சேர்த்து எழுதுங்கள். நோயாளிக்கு வலிப்பு வந்திருந்தால் தொற்று இல்லாமலே அது உயரலாம். ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகு எடுத்தால் பாக்டீரியா இருந்தும் குறைவாக வரலாம். எங்களுக்கு எண் மட்டும்தான் தெரியும், இவை கேஸ் ஷீட்டில் இருப்பவை.

கேள்வித்தாள்
எங்கள் குழுவில் இதைக் காட்டினேன். வைரஸ் என்றவர்களில் இருவர் மாறினார்கள். ஒருவர் மட்டும், ரத்தம் எப்போது எடுத்தார்கள், இன்சுலின் போட்டார்களா என்று கேள்வியில் இல்லையே, விகிதத்தை எப்படி நம்புவது என்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. புரோட்டீனையும் நியூட்ரோஃபிலையும் காட்டினேன், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.