போனில் போட்ட Restricted Mode டீவியில் ஏன் இல்லை?

வெள்ளவத்தை அம்மா: ஆறு வயது மகனுக்காக என் போனில் யூடியூபில், பிள்ளைகளுக்குப் பொருந்தாத வீடியோக்களை மறைக்கும் Restricted Mode போட்டிருந்தேன். நேற்று ஹால் டீவியில் அவன் பேய் வீடியோ பார்த்துவிட்டு, இரவு லைட்டை அணைக்கவே விடவில்லை. எங்கே பிழை விட்டேன்?

தெஹிவளை அப்பா: டீவியில் வேறு கணக்கு ஓடியிருக்கும். உங்கள் கணக்கைப் போடுங்கள், தானாக வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை கடைக்காரர்: வராது அண்ணா. அது கணக்கோடு போவதில்லை, போட்ட கருவியிலேயே நின்றுவிடும். அக்கா, டீவியின் யூடியூபுக்குள் Settings போய்த் தனியாகப் போட வேண்டும். பிறகு கருத்துகள் நிறைய உள்ள ஏதாவது வீடியோவைத் திறந்து பாருங்கள். கருத்துகள் மறைந்திருந்தால் அது வேலை செய்கிறது. ஆனால் அதே ரிமோட்டால் பிள்ளையே அதை நிறுத்தவும் முடியும்.

இன்னொன்று, அது தலைப்பு, விவரம், வயதுக் கட்டுப்பாடு போன்றவற்றை வைத்துத்தான் வடிகட்டுகிறது. மொழிக்கு மொழி தரம் மாறும் என்று கூகுளே சொல்கிறது. தலைப்பில் ‘குட்டீஸ் கதை’ என்று போட்டுவிட்டு உள்ளே பேயைக் காட்டினால் தப்பிவிடலாம்.

பம்பலப்பிட்டி அக்கா: என் மகளுக்குப் பதினான்கு வயது. உயிரியல் பாட வீடியோ ஒன்று காணாமல் போய், பரீட்சைக்கு முதல் நாள் அழுதாள். இந்த வடிகட்டியே வேண்டாம்.

கொட்டாஞ்சேனை கடைக்காரர்: உங்கள் மகளுக்கு அது சரி. இங்கே கேள்வி ஆறு வயதுப் பிள்ளைக்கு.

தெஹிவளை அப்பா: அப்படியென்றால் பிள்ளைக்கு, பெற்றோர் கட்டுப்படுத்தும் யூடியூப் மேற்பார்வைக் கணக்கு திறந்தால் போதுமே? கமெண்ட் எழுதவும் விடாது.

கொட்டாஞ்சேனை கடைக்காரர்: அதிலுள்ள மூன்று படிகளில் மிகக் குறைந்தது Explore. அதுவே ஒன்பது வயதிலிருந்து. ஒரு சேனலைத் தடுத்தாலும் அதே காட்சியை வேறு சேனல் ஏற்றியிருந்தால் வந்துவிடும். ஆறு வயதுக்கு YouTube Kids செயலியில், நீங்களே தேர்ந்த வீடியோக்களை மட்டும் காட்டும்படி வைப்பதுதான் நல்லது. அப்போது தேடவும் முடியாது.

வெள்ளவத்தை அம்மா: ஒவ்வொன்றாக நான் எப்போது தேர்வது? வேலை முடிந்து வீடு வர ஏழு மணியாகிறது.

கொட்டாஞ்சேனை கடைக்காரர்: தனி வீடியோ வேண்டாம், சேனலாகத் தேர்ந்துவிடுங்கள். நான் என் மகளுக்கு எட்டு சேனலோடு தொடங்கினேன். சலித்தால் அவளே கேட்பாள், பார்த்துவிட்டுச் சேர்ப்பேன்.

பம்பலப்பிட்டி அக்கா: எட்டு சேனலுக்குள் அடைத்த பிள்ளை பக்கத்து வீட்டு டீவியில்தான் போய் உட்காரும். என் தங்கை மகன் அப்படித்தான்.

வெள்ளவத்தை அம்மா: எங்களுக்குப் பக்கத்து வீடு அவனுடைய அம்மம்மா வீடு. அங்கே டீவி பகல் முழுக்க ஓடும். அங்கே என்ன செய்ய? அவர்கள் சமையல் வீடியோ பார்ப்பதை நான் தடுக்க முடியாது.

கொட்டாஞ்சேனை கடைக்காரர்: அங்கேயும் Restricted Mode போடச் சொல்லுங்கள், சமையல் வீடியோ பெரும்பாலும் தப்பிவிடும். அவன் இருக்கும்போது ரிமோட் அம்மம்மா கையில் இருக்கட்டும். இதைவிட உறுதியாக அந்த டீவியைப் பூட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.